வீட்டுக்கடன் முடிந்தும் தாய்ப்பத்திரம் வரவில்லை: கிளைக்கு மேலே எழுதும் கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

பெருந்துறைப் பையன் | 12 மார்ச் 2025

வணக்கமுங்க. அப்பா பெயரில் இருந்த வீட்டுக்கடனை ஜனவரியில் மொத்தமாகக் கட்டி முடித்துவிட்டோம். கடன் கொடுத்தது ஈரோட்டில் உள்ள ஒரு வங்கிக் கிளை, பெயர் வேண்டாம். அப்பா பெயருக்கு வந்த கிரயப் பத்திரத்தையும் மற்ற காகிதங்களையும் கொடுத்தார்கள். 1987ஆம் வருடத் தாய்ப்பத்திரம் மட்டும் வரவில்லை. "சென்ட்ரல் ஸ்டோரில் இருக்கிறது, வந்துவிடும்" என்பதே இன்று வரை பதில். வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கியிருக்கிறோம். வாங்குகிறவருடைய வங்கி தாய்ப்பத்திரம் இல்லாமல் கடன் தர மாட்டேன் என்கிறது.

மேலிடத்துக்கு எழுத ஒரு கடிதம் தயார் செய்தேன். அதன் தொடக்கம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் பதினோரு வருடம் ஒரு தவணை கூடத் தவறாமல் கட்டிய குடும்பம். ஆனால் உங்கள் கிளை மேலாளர் எங்களை நாயைப் போல நடத்துகிறார். பல முறை அலைந்தும் பொறுப்பான பதில் இல்லை. இந்த அநியாயத்துக்கு உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு..."

இதே போல இரண்டு பக்கம் போகிறது. சரியாக இருக்கிறதா?

நொய்யல்கரை | 12 மார்ச்

கடிதமெல்லாம் எதற்குங்க. ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பத்திரம் கொடுக்கத் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். கடன் முடிந்த நாளில் இருந்து கணக்குப் போட்டு, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு நேராக அனுப்புங்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் அதற்கு இன்னொரு 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள்.

சோமனூர் தறி | 12 மார்ச்

அண்ணா, எனக்கும் இதே கதைதான். தறிக்கு வாங்கிய சி.சி. லிமிட்டைப் போன வருடமே முடித்தேன். கட்டடப் பத்திரம் வர நாலு மாதம் ஆனது. நாளைக்கு 5,000 என்றால் எனக்கும் கிடைக்குமா? எப்படி எழுதுவது?

கோபி ஓய்வு | 13 மார்ச்

நான் வங்கியில் கடன் பிரிவிலும், கடைசிச் சில வருடம் மண்டல அலுவலகத்தில் புகார்ப் பிரிவிலும் இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் விதி. ரிசர்வ் வங்கி 13.09.2023 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. கடன் முழுதாக அடைந்த நாளில் இருந்து 30 நாளுக்குள் எல்லா அசல் ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும், சொத்தின் மேல் பதிவாகியிருக்கும் கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும். அதற்கு மேல் ஆகி, தாமதத்துக்கு வங்கிதான் காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 01.12.2023 அன்றோ அதற்குப் பிறகோ ஆவணம் திருப்ப வேண்டிய கடன்களுக்கு இது பொருந்தும். அதனால் நொய்யல்கரை சொன்னது பாதி சரி. எண்ணுவது கடன் முடிந்த நாளில் இருந்து அல்ல, 30 நாள் கழித்துத்தான். அந்த 'வங்கிதான் காரணம் என்றால்' என்ற சொல்லில்தான் பெரும்பாலான புகார்கள் விழுகின்றன. நீங்கள் நடையாய் நடந்த கதையை எழுதுவீர்கள். வங்கியோ "இணைக்கடன்தாரர் கையெழுத்திட வரவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

சோமனூர்த் தம்பிக்கு: அந்தச் சுற்றறிக்கை தனிநபர் கடன்களுக்கு மட்டும். வீடு, கல்வி மாதிரி. தொழிலுக்கு வாங்கிய சி.சி. அதில் வராது. தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் என்ன நட்டம் என்று காட்டிக் கேட்கலாம், 5,000 கணக்கு நிற்காது.

இப்போது பெருந்துறைத் தம்பி. கடிதத்தில் கோபம் இருக்கிறது, தேதி ஒன்று கூட இல்லை. மேலாளர் எப்படி நடத்தினார் என்று எழுதினால் அவரிடம் விளக்கம் கேட்பார்கள், அவர் மறுப்பார், பத்திரத்தைப் பற்றிய பேச்சே வராமல் கோப்பு மூடப்படும். புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பையன் முதல் அரைப் பக்கத்தில் கணக்கு எண்ணையும் பழைய புகார் எண்ணையும்தான் தேடுவான். கிடைக்கவில்லை என்றால் கடிதம் மறுபடி அதே கிளைக்குப் "பரிசீலிக்க" என்று திரும்பிப் போகும். நானே அப்படி எத்தனையோ அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு இவற்றுக்குப் பதில் வேண்டும். கடைசிப் பணம் என்று, எந்த வழியில் கட்டினீர்கள்? நிலுவையில்லாச் சான்று என்ன தேதி? கடன் யார் யார் பெயரில்? ஆவணம் வாங்கும்போது பதிவேட்டில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்? எழுத்தில் கொடுத்த புகார் உண்டா, முத்திரை இருக்கிறதா?

பெருந்துறைப் பையன் | 13 மார்ச்

பணம் கட்டியது 10.01.2025, ஆர்.டி.ஜி.எஸ். சான்று 17.01.2025 தேதியிட்டது. கடன் அப்பா, அம்மா இருவர் பெயரிலும். 03.02.2025 அன்று இருவரும் போய்த்தான் மற்ற ஆவணங்களை வாங்கினார்கள். பதிவேட்டில் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்ததாம். அம்மா விடாப்பிடியாக "1987 பத்திரம் தவிர" என்று பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை போனில் படமும் எடுத்து வைத்திருக்கிறோம்.

17.02.2025 கிளையில் எழுத்துப் புகார், முத்திரையும் உள்வரவு எண்ணும் உண்டு. 24.02.2025 வங்கியின் இணையதளத்தில் ஒரு புகார். அதை 04.03.2025 அன்று "கிளையை அணுகவும், புகார் தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள்.

தாராபுரம் தேவி | 13 மார்ச்

உங்கள் அம்மாவுக்கு ஒரு கும்பிடு. அந்த மூன்று சொல் இல்லை என்றால் இந்த இழையால் பயனே இருந்திருக்காது.

நான் பத்திர எழுத்தரிடம் வேலை செய்கிறேன். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? கடன் வாங்கும்போது, பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கு எம்.ஓ.டி. என்ற ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள். அதற்கு வங்கி ரசீது ஆவணம் எழுதிப் பதியாத வரை வில்லங்கத்தில் கடன் அப்படியே நிற்கும். தாய்ப்பத்திரம் கைக்கு வந்த பிறகும் வாங்குகிறவர் அதைப் பார்த்து நின்றுவிடுவார். இந்தப் பக்கம் பாதிப் பேர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள், பத்து வருடம் கழித்து விற்கும்போது அலைகிறார்கள்.

பெருந்துறைப் பையன் | 13 மார்ச்

அக்கா, 05.03.2025 அன்று எடுத்தேன். 2014 எம்.ஓ.டி. பதிவு அப்படியே இருக்கிறது.

கரூர் கறுப்புக்கோட்டு | 13 மார்ச்

நான் வழக்கறிஞர். இவ்வளவு வேண்டியதில்லை. வக்கீல் நோட்டீஸ் ஒன்று விடுங்கள், ஒரு வாரத்தில் பத்திரம் வீட்டுக்கு வரும். ஆம்புட்ஸ்மேன் புகாரையும் நாங்களே போட்டுத் தருவோம்.

கோபி ஓய்வு | 13 மார்ச்

நோட்டீஸ் விடலாம், தடை இல்லை. ஆனால் நோட்டீஸ் வந்தால் புகார்ப் பிரிவு அதைத் தொடாது. சட்டப் பிரிவுக்குப் போகும், அங்கே பதில் எழுதும் வக்கீல் பத்திரத்தைத் தேட மாட்டார். ஆம்புட்ஸ்மேன் புகாரோ, பாதிக்கப்பட்டவரே வழக்கறிஞராக இருந்தால் ஒழிய, வழக்கறிஞர் மூலம் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 2021 ஆம்புட்ஸ்மேன் திட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அப்பாவே போடலாம், அல்லது மகனுக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். இதே விஷயத்தில் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தாலும் புகார் நிற்காது. கட்டணம் எதுவும் இல்லை.

நொய்யல்கரை சொன்ன அந்த இன்னொரு 30 நாள் பற்றி. எழுத்துப் புகார் வங்கிக்குப் போய் 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கிளையும் வங்கிதான். கிளை முத்திரை போட்ட 17.02.2025 புகாருக்கு 19.03.2025 அன்று 30 நாள் முடிகிறது. தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதால் புதிதாக 30 நாள் தொடங்காது. நான் ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், வங்கியின் சார்பில் ஆம்புட்ஸ்மேனுக்குப் பதில் சொல்லும் முதன்மை நோடல் அதிகாரியின் மேசைக்கு முழுக் கணக்கோடு ஒரு கடிதம் போனால் பத்திரம் வேகமாக வரும். ஆம்புட்ஸ்மேனிடம் போனாலும் அங்கே பதில் சொல்லப்போவது அவர்தான்.

கீழே அப்பா பெயரில் எழுதியிருக்கிறேன். எண்களின் கடைசி இலக்கங்களை மட்டும் போட்டிருக்கிறேன், நீங்கள் முழுசாக நிரப்புங்கள். நோடல் அதிகாரியின் பெயரும் முகவரியும் கிளைப் பலகையிலேயே இருக்க வேண்டும்.

---

நாள்: 14.03.2025

பெறுநர்: முதன்மை நோடல் அதிகாரி
நகல்: மண்டல மேலாளர், கோயம்புத்தூர், கிளை மேலாளர், ஈரோடு

பொருள்: வீட்டுக்கடன் கணக்கு எண் ...4417, 10.01.2025 அன்று முழுதும் அடைக்கப்பட்டது. அசல் தாய்ப்பத்திரம் திருப்பித் தரப்படாதது, எம்.ஓ.டி. பதிவு நீக்கப்படாதது குறித்து.

முந்தைய புகார்கள்: கிளை உள்வரவு எண் ...212, நாள் 17.02.2025. இணையப் புகார் எண் ...9038, நாள் 24.02.2025.

ஐயா,

மேற்கண்ட கடன் என் பெயரிலும் என் மனைவி பெயரிலும் இருந்தது. நிலுவை முழுவதையும் 10.01.2025 அன்று ஆர்.டி.ஜி.எஸ். மூலம் செலுத்தினேன் (பரிவர்த்தனை எண் ...6650). கிளை 17.01.2025 தேதியிட்ட நிலுவையில்லாச் சான்று தந்தது.

03.02.2025 அன்று நானும் மனைவியும் அடையாள அட்டைகளுடன் நேரில் வந்து ஆவணங்களைப் பெற்றோம். கடன் வாங்கியபோது கிளை கொடுத்த ஆவணப் பட்டியலில் முதலாவதாக உள்ள 1987ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் (எண் ...38, பெருந்துறை சார்பதிவகம்) தரப்படவில்லை. பதிவேட்டிலேயே "1987 பத்திரம் தவிர" என்று எழுதிக் கையெழுத்திட்டுள்ளோம். எங்களிடம் இருந்து வேறு ஏதும் தேவை என்று வங்கி இதுவரை எழுத்தில் கேட்கவில்லை.

17.02.2025 அன்று கிளையில் கொடுத்த புகாருக்குப் பதில் வரவில்லை. 24.02.2025 இணையப் புகார், பத்திரம் தரப்படாமலேயே 04.03.2025 அன்று "தீர்க்கப்பட்டது" என மூடப்பட்டது. 05.03.2025 அன்று எடுத்த வில்லங்கச் சான்றில் 2014ஆம் ஆண்டு எம்.ஓ.டி. பதிவு நீக்கப்படாமல் உள்ளது.

ரிசர்வ் வங்கியின் 13.09.2023 சுற்றறிக்கைப்படி 30 நாள் கெடு 09.02.2025 அன்று முடிந்தது. தாமதத்துக்கான காரணம் எழுத்தில் தெரிவிக்கப்படவில்லை.

நான் கேட்பது:

அசல் பத்திரத்தை ஈரோடு கிளையில் ஒப்படைக்க வேண்டும். தொலைந்திருந்தால் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டு, சான்றிட்ட நகல் பெற உதவி, அதற்கான செலவு முழுவதையும் வங்கி ஏற்க வேண்டும்.

எம்.ஓ.டி. பதிவுக்கான ரசீது ஆவணத்தைப் பதிந்து தர நாள் குறிக்க வேண்டும்.

10.02.2025 முதல் ஒப்படைக்கும் நாள் வரை நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தர வேண்டும். இன்றைய தேதி வரை 33 நாளுக்கு ரூ.1,65,000.

இந்தப் புகாரை முழுதாகவோ பகுதியாகவோ மறுக்க நேர்ந்தால், எனக்குப் பதில் அனுப்பும் முன் வங்கியின் உள் ஆம்புட்ஸ்மேனின் முடிவைப் பெற்று, அதைப் பதிலில் குறிப்பிட வேண்டுகிறேன். 19.03.2025க்குள் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் அளிப்பேன்.

இணைப்பு: பணம் செலுத்திய சான்று, நிலுவையில்லாச் சான்று, ஆவணப் பட்டியல், பதிவேட்டுப் பக்கத்தின் படம், இரண்டு புகார்கள், மூடப்பட்ட செய்தி, வில்லங்கச் சான்று.

(கையெழுத்து, இருவரும்)

---

ஒரே பக்கம், ஏறினால் ஒன்றேகால் பக்கம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. நோடல் அதிகாரி மும்பையில் உட்கார்ந்திருந்தால் ஓர் ஆங்கிலப் படியையும் சேர்த்துவிடுங்கள், மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு வாரம் போகாது. அட்வான்ஸ் விவகாரத்தை வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். 5,000 கணக்குக்கு நட்டத்தைக் காட்ட வேண்டியதே இல்லை. விற்பனை உண்மையில் முறிந்தால் அதற்குத் தனியாகக் கேட்கலாம், இந்தத் தொகை அதைத் தடுக்காது என்று சுற்றறிக்கையே சொல்கிறது. இப்போதே கலந்து எழுதினால் "நட்டத்தை நிரூபி" என்ற வாதம் இதற்குள்ளும் வந்துவிடும்.

நொய்யல்கரை | 14 மார்ச்

சரிங்க, ஒரு சந்தேகம். ஒரே ஒரு பத்திரம்தானே பாக்கி, மீதி கொடுத்தாகிவிட்டது. அதற்கும் முழு 5,000 தருவார்களா?

கோபி ஓய்வு | 14 மார்ச்

'எல்லா அசல் ஆவணங்களும்' என்றுதான் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் திருப்பித் தந்ததாக ஆகாது. ஒரு காகிதத்துக்கு இவ்வளவு என்ற விகிதக் கணக்கு அதில் இல்லை.

வெள்ளக்கோயில் வேலு | 16 மார்ச்

எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் நகையைத் திருப்பித் தர இழுக்கிறார்கள். இதே கடிதத்தைப் பெயர் மாற்றி ரிசர்வ் வங்கிக்கு அனுப்பலாமா?

தாராபுரம் தேவி | 16 மார்ச்

அனுப்பாதீர்கள், திரும்பி வரும். அந்தச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் கீழ் இல்லை. கூட்டுறவுத் துறையின் பதிவாளர் பக்கம், உங்கள் மாவட்ட இணைப்பதிவாளருக்கு எழுதுங்கள். தேதி, எண், கேட்பது என்ற அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பெருந்துறைப் பையன் | 28 மார்ச்

கடிதம் போன அடுத்த வாரமே மண்டல அலுவலகத்தில் இருந்து அழைத்தார்கள். பத்திரம் கிடைத்துவிட்டதுங்க! ஆவணக் கிடங்கில் வேறொருவர் கோப்புக்குள் இருந்ததாம். 26.03.2025 கிளைக்கு வந்துவிட்டது, வாங்கிப்போக அன்றே கடிதமும் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது இரண்டு சிக்கல். வாங்கும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இன்னொன்று, இழப்பீடு 75,000தான் என்கிறார்கள். ஆவணம் தொலைந்திருந்தால் 60 நாள் அவகாசமாம், அதனால் 12.03.2025 முதல் 26.03.2025 வரை 15 நாளாம். நம் கணக்கில் 10.02.2025 முதல் 45 நாள், 2,25,000 வருகிறது.

கோபி ஓய்வு | 28 மார்ச்

அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம். பத்திரம் பெற்றதற்கு மட்டும் தனி ரசீது எழுதி, "இழப்பீடு, எம்.ஓ.டி. நீக்கம் பற்றிய உரிமைகளுக்குப் பாதகம் இன்றி" என்று சேர்த்துக் கொடுங்கள். வாங்க மறுத்தால் மறுத்த நாளையும் நேரத்தையும் குறித்து அன்றே நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல். பத்திரம் தயார் என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு நீங்கள் வாங்காத நாட்களுக்கு 5,000 ஓடாது, அதனால் இழுக்காதீர்கள்.

60 நாள் விஷயம்: அந்தக் கூடுதல் 30 நாள், தொலைந்த அல்லது சேதமான ஆவணத்துக்கு நகல் வாங்கித் தரும் வேலைக்காகக் கொடுத்தது. இங்கே நகலுக்கு யாரும் அலையவில்லை. தொலைந்தது என்று உங்களுக்கு ஒரு வரி எழுதவும் இல்லை. இடம் மாற்றி வைத்துத் தேடியது தொலைந்ததாகாது என்பது என் வாதம்.

கரூர் கறுப்புக்கோட்டு | 28 மார்ச்

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தேடியும் கிடைக்காத காலத்தில் அது தொலைந்த ஆவணம்தான் என்று வங்கி வாதாடும், அதற்கும் இடம் இருக்கிறது. 75,000ஐ எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்து, மீதிக்குப் புகார் போடுவது நல்லது. 'முழுத் தீர்வாக' என்ற சொல் மட்டும் எங்கும் வரக் கூடாது.

தாராபுரம் தேவி | 29 மார்ச்

எம்.ஓ.டி. இன்னும் நிற்கிறதே, அதற்கு நாள் ஓடவில்லையா?

கோபி ஓய்வு | 29 மார்ச்

நல்ல கேள்வி அம்மணி. பொறுப்பு நீக்கப் படிவத்தை உரிய பதிவகத்தில் தாக்கல் செய்யாவிட்டாலும் 5,000 உண்டு என்றுதான் சுற்றறிக்கை சொல்கிறது. வங்கி அதை மத்தியப் பதிவகமான செர்சாய் என்று படிக்கும். சார்பதிவாளர் அலுவலக ரசீதும் அதில் அடங்கும் என்று நாம் கேட்கலாம். அதற்கு அப்பாவும் வந்து கையெழுத்திட வேண்டிய கட்டம் இருந்தால், தாமதம் யாருடையது என்ற பேச்சு மறுபடி வரும். அதனால் இன்றே "எந்த நாள் வர வேண்டும், சொல்லுங்கள், நாங்கள் தயார்" என்று மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

பெருந்துறைப் பையன் | 2 ஏப்ரல்

தனி ரசீது கொடுத்து 29ஆம் தேதியே பத்திரத்தை வாங்கிவிட்டோம். மேலாளர் முதலில் முறைத்தார், மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்ட பிறகு வாங்கிக்கொண்டார். 75,000 அப்பா கணக்கில் ஏறிவிட்டது, எழுத்தில் எந்த நிபந்தனையும் இல்லை. எம்.ஓ.டி. ரசீதுக்கு 9ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். மீதி 1,50,000க்கு cms.rbi.org.in தளத்தில் அப்பா பெயரில் புகார் பதிந்தாகிவிட்டது.

வெள்ளக்கோயில் அண்ணா, அந்தத் தளத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வருகிறது. அதில் உங்கள் சங்கம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

சோமனூர் தறி | 3 ஏப்ரல்

இணையம் ஒத்துவராதவர்கள் தபாலில் அனுப்ப முடியாதுங்களா? எங்கள் அப்பாவுக்கும் ஒரு வீட்டுக்கடன் கதை இருக்கிறது.

கோபி ஓய்வு | 3 ஏப்ரல்

அனுப்பலாம். சண்டிகரில் ரிசர்வ் வங்கியின் மையம் இருக்கிறது, செக்டார் 17. எந்த மொழியில் எழுதினாலும் வாங்குவார்கள். 14448 என்ற எண்ணில் கேட்டால் வழியும் சொல்வார்கள். வங்கிக்குக் கொடுத்த புகாரின் முத்திரையிட்ட நகலைக் கட்டாயம் வையுங்கள், அது இல்லாத தபால் அங்கேயே நின்றுவிடும். அப்பா கடனை என்று முடித்தார், தேதியைச் சொல்லுங்கள்.